போத்தலில் வரும் பற்றீரியா மண்ணில் என்ன செய்கிறது?

2021ஆம் ஆண்டு இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்ட அந்தச் சில மாதங்களில், கொழும்பில் வயலையே பார்த்திராதவர்கள்கூட நுண்ணங்கிகளைப் பற்றிப் பேசினார்கள். சீனாவிலிருந்து வரவிருந்த சேதனப் பசளையின் மாதிரியில் ‘எர்வினியா’ என்ற பற்றீரியா இருப்பதாகத் தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை கூறியது. அனுப்பிய நிறுவனம் அதை மறுத்தது. அதே காலத்தில் இன்னொரு பக்கம் ‘நல்ல பற்றீரியா’ அடங்கிய போத்தல்கள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. ஒரு பற்றீரியாவுக்காகக் கப்பல் திருப்பி அனுப்பப்படுகிறது, இன்னொரு பற்றீரியாவைக் காசு கொடுத்து வாங்கி மண்ணில் ஊற்றுகிறோம் என்றால் குழப்பம் வராமல் இருக்குமா?

அந்தக் குழப்பம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. வெள்ளவத்தையில் மொட்டைமாடியில் மிளகாய் வளர்ப்பவரும், வவுனியாவில் உள்ள குடும்ப வயலுக்குக் கொழும்பிலிருந்து உள்ளீடுகளை வாங்கி அனுப்புபவரும் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தப் போத்தலை வாங்கினால் பசளைச் செலவு குறையுமா? உயிரியல் பசளை என்ற பெயரில் பலவகை நுண்ணங்கிகள் விற்கப்படுகின்றன. அவற்றுள் அதிகம் வாக்குறுதி தரப்படும் வகையான பொசுபேற்றுக் கரைக்கும் பற்றீரியாவை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

எது எது என்ன?

1. இரசாயனப் பசளை: தாவரம் உடனே உறிஞ்சக்கூடிய வடிவில் உள்ள சத்து. பொசுபரசுக்கு நம் நாட்டில் அதிகம் பயன்படுவது ரி.எஸ்.பி. எனப்படும் முச்சுப்பர் பொசுபேற்று.

2. சேதனப் பசளை: கூட்டெரு, சாணம், இலைகுழை. இவற்றிலும் சத்து இருக்கிறது. ஆனால் குறைவு, மெதுவாக வெளிப்படும்.

3. உயிரியல் பசளை: உயிருள்ள நுண்ணங்கிகள். இதில் சொல்லத்தக்க அளவு சத்து எதுவும் இல்லை. வேரருகே வாழ்ந்து, ஏற்கெனவே அங்கே இருக்கும் சத்தைத் தாவரத்துக்குக் கிடைக்கச் செய்வதுதான் அவற்றின் வேலை.

மூன்றாவதை இரண்டாவதோடு சேர்த்துப் பேசுவதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கூட்டெரு எதையாவது மண்ணுக்குக் கொண்டுவருகிறது. போத்தலில் உள்ள பற்றீரியா ஒரு கிராம் பொசுபரசையும் கொண்டுவருவதில்லை, உண்டாக்குவதும் இல்லை. இந்த இடத்தில் நைதரசனும் பொசுபரசும் முற்றிலும் வேறுபடுகின்றன. வளியில் நைதரசன் நிறைந்திருக்கிறது, அதைப் பிடித்துத் தரும் பற்றீரியா உண்மையிலேயே புதிய வரவைத் தருகிறது. பொசுபரசுக்கு அப்படி ஒரு வளி ஊற்று இல்லை.

மண்ணில் பொசுபரசு எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரு கிலோ மண்ணில் மொத்தமாக 300 மில்லிகிராம் பொசுபரசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் மேல் 15 சென்ரிமீற்றர் மண்ணின் எடை ஏறக்குறைய 800 தொன். அதில் 240 கிலோ பொசுபரசு இருக்கும். ஏக்கருக்கு இரண்டு தொன் நெல் விளைந்தால், மணியோடு வயலை விட்டு வெளியேறும் பொசுபரசு சுமார் 5 கிலோ. 240 கிலோ இருக்கிற இடத்தில் 5 கிலோவுக்கு ஏன் பசளை வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். உயிரியல் பசளை விற்பவர்களின் பேச்சும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

விடயம் என்னவென்றால், அந்த 240 கிலோவும் கரைந்த நிலையில் இல்லை. மண்ணீரில் எந்த நேரத்திலும் கரைந்திருப்பது மிகச் சொற்பம். மீதி மூன்று விதமாகக் கட்டுண்டு கிடக்கிறது. கொழும்பு, களுத்துறை போன்ற ஈரவலயத்தின் அமிலத்தன்மையான செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் கல்சியம் பிடித்துவைத்திருக்கிறது. எங்கும் ஒரு பகுதி மக்கிய தாவரப் பொருட்களுக்குள் சேதனச் சேர்வையாக இருக்கிறது. ரி.எஸ்.பி. இட்டாலும் இதே கதைதான்: முதற்போகத்தில் பயிர் எடுப்பது ஒரு சிறு பங்கு, மீதி மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது.

பற்றீரியா கரைக்கும் முறை

‘பசிலசு’, ‘சூடோமோனசு’ போன்ற பற்றீரியாக்கள் குளுக்கோசை ஒட்சியேற்றிக் குளுக்கோனிக் அமிலமாக மாற்றி வெளியே விடுகின்றன. அந்த அமிலம் இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. தன் ஐதரசன் அயனால் கல்சியம் பொசுபேற்றைக் கரைக்கிறது. மீதிப் பாகத்தால் கல்சியத்தைப் பற்றிப் பிடித்து விலக்குகிறது. இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்திருக்கும் பொசுபேற்றுக்குக் குளுக்கோனிக் அமிலம் அவ்வளவு வலுவானதல்ல. அங்கே சித்திரிக், ஒட்சாலிக் அமிலங்களே கூடுதலாக உதவும். அவற்றைத் தாராளமாகச் சுரப்பவை ‘அசுப்பெர்யிலசு’ போன்ற பங்கசுகள். சேதனச் சேர்வையில் உள்ள பொசுபரசை விடுவிக்க அமிலம் போதாது, பொசுபற்றேசு என்ற நொதியம் வேண்டும். பற்றீரியா, பங்கசு, தாவர வேர் ஆகிய மூன்றுமே அதைச் சுரக்கின்றன.

ஆகவே போத்தலில் உள்ள இனம் எது, அது போகப்போகும் மண் எது என்று தெரியாமல் ‘பொசுபேற்றைக் கரைக்கும்’ என்று மட்டும் சொல்வது பாதிச் செய்தி. பெரும்பாலான போத்தல்களில் அந்தப் பாதிதான் அச்சாகியிருக்கிறது.

ஆய்வுகூடக் கிண்ணத்தில் நடப்பது வயலில் ஏன் நடப்பதில்லை?

இந்தப் பற்றீரியாக்களைத் தேர்ந்தெடுக்கும் முறை பழையது. சோவியத் ஆய்வாளர் பிக்கோவ்ஸ்கயா 1948இல் வெளியிட்ட வளர்ப்பு ஊடகமே இன்றும் பல ஆய்வுகூடங்களில் பயன்படுகிறது. ஏகார் என்ற கூழில் குளுக்கோசையும் தூளாக்கிய முக்கல்சியம் பொசுபேற்றையும் கலந்தால் கிண்ணம் பால்போல் மங்கியிருக்கும். பற்றீரியாவை அதில் வளர்த்தால், பொசுபேற்று கரைந்த இடத்தில் குடியிருப்பைச் சுற்றி ஒரு தெளிந்த வளையம் தோன்றும். வளையம் எவ்வளவு அகலமோ, இனம் அவ்வளவு திறமையானது என்று முடிவு செய்கிறார்கள்.

இந்தச் சோதனை மண்ணில் நடக்கப்போவதைச் சொல்வதில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பொருள். முக்கல்சியம் பொசுபேற்று அமிலத்தில் எளிதில் கரையும் ஒன்று. மண்ணில் கட்டுண்டிருப்பவை அதைவிடப் பிடிவாதமானவை. ஈரவலய மண்ணில் கல்சியம் பொசுபேற்று முக்கியமானதே அல்ல.

இரண்டாவது, உணவு. கிண்ணத்தில் குளுக்கோசு கொட்டிக் கிடக்கிறது. மண்ணில் பற்றீரியாவுக்குக் கிடைப்பது வேரிலிருந்து கசியும் சிறிதளவு சீனியும் அமிலங்களும், அதுவும் ஆயிரம் போட்டியாளர்களுக்கு நடுவில். பாறைப் பொசுபேற்றான அப்பற்றைற்றிலிருந்து 5 கிலோ பொசுபரசைக் கரைக்க எவ்வளவு அமிலம் வேண்டும் என்று இரசாயனச் சமன்பாட்டை வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 60 கிலோ குளுக்கோனிக் அமிலம் வருகிறது. கிட்டத்தட்ட அதே எடைச் சீனி வேண்டும். அதுவும் சுரந்த அமிலம் முழுவதும் பாறைமீது மட்டுமே வேலை செய்து, ஒரு துளியும் வேறு நுண்ணங்கிகளுக்கு உணவாகாத கற்பனை நிலையில்.

மூன்றாவது, அமிலத்தைத் தாங்கும் மண்ணின் திறன். ஒரு மண்ணில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு இருந்தால், ஏக்கரின் மேல்மண்ணில் அது 8 தொன். மேலே சொன்ன 60 கிலோ அமிலத்தை முற்றாகச் செயலிழக்கச் செய்ய 15 கிலோ சுண்ணாம்பே போதும். வேரைத் தொட்டிருக்கும் மண்ணை மட்டும் கணக்கில் எடுத்தாலும் அமிலத்தைவிடச் சுண்ணாம்பு பல மடங்கு அதிகம். இதற்கு மேல் யாழ்ப்பாணத்தின் வன்னீரை இறைத்து ஊற்றும்போது, கரைந்த இருகாபனேற்று ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து சேர்கிறது. கிண்ணத்தில் மிக அகலமான வளையம் காட்டிய இனம் சுண்ணாம்பு மண்ணில் தோற்றுப்போவதில் புதிர் எதுவும் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட குறையும் அல்ல. சோவியத் ஒன்றியத்தில் ‘பொசுபோபற்றீரின்’ என்ற பெயரில் இதே வகைத் தயாரிப்பு 1950களில் பெரும் பரப்பில் பயன்பட்டது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தினர் 1960களின் தொடக்கத்தில் அதைச் சோதித்தபோது நிலையான பயன் எதையும் காணவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வாக்குறுதி புதிய லேபலில் வருகிறது.

ஓர் ஏக்கருக்கு ஒரு லீற்றர்: எண்ணிப் பார்ப்போம்

நல்ல தரமான திரவத் தயாரிப்பில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 கோடி உயிர்க்கலங்கள் இருக்க வேண்டும். இந்தியாவின் பசளைக் கட்டுப்பாட்டு ஆணை கேட்கும் குறைந்தபட்சமும் அதுதான். அத்தகைய போத்தல் ஒன்றை நம்பி வாங்கியதாக வைத்துக்கொள்வோம்.

1. ஒரு லீற்றரில் உள்ள கலங்கள்: 10,000 கோடி. பெரிய எண்தான்.

2. அதை நீரில் கலந்து ஏக்கர் முழுவதும் தெளித்தால், 800 தொன் மேல்மண் என்பது 80 கோடி கிராம். ஒரு கிராமுக்குக் கிடைப்பது 125 கலம்.

3. அந்த ஒரு கிராம் மண்ணில் ஏற்கெனவே வாழும் பற்றீரியாக்கள் 10 கோடிக்குக் குறையாது. அவற்றிலும் பொசுபேற்றைக் கரைக்கக்கூடியவை இலட்சக்கணக்கில் இருக்கும்.

4. வந்த 125இல் பெரும்பகுதி வெயிலாலும் வறட்சியாலும், பற்றீரியாவைத் தின்னும் ஒருகல உயிரிகளாலும் சில வாரங்களுக்குள் அழிந்துவிடும்.

இதையே விதையில் பூசினால் கணக்கு மாறுகிறது. ஏக்கருக்கு 8 கிலோ சோள விதை, விதை ஒன்று 0.3 கிராம் என்றால் சுமார் 27,000 விதைகள். 100 மில்லிலீற்றரைப் பூசினாலே ஒரு விதைக்கு 3 இலட்சத்துக்கு மேற்பட்ட கலங்கள் கிடைக்கும். முளைத்து வரும் வேர் முதலில் தொடுவது அவற்றைத்தான். பத்தில் ஒன்பது செத்தாலும் ஒரு படை மிஞ்சும். எனவே வயல் முழுவதும் தெளிக்கச் சொல்லும் அறிவுறுத்தலைவிட விதையிலோ நாற்று வேரிலோ பூசச் சொல்லும் அறிவுறுத்தலே அறிவுக்குப் பொருந்தும். பூசியதும் நிழலில் உலர்த்தி அன்றே விதைக்க வேண்டும். பங்கசுகொல்லி பூசிய விதையாக இருந்தால் பங்கசு இனங்கள் பிழைக்காது, சில மருந்துகள் பற்றீரியாவையும் கொல்லும்.

நெல் வயலின் கதை வேறு

நம் நாட்டில் பசளை என்றாலே பேச்சு நெல்லுக்குப் போய்விடும். ஆனால் பொசுபேற்றுக் கரைக்கும் பற்றீரியாவுக்கு மிகக் குறைவான வேலை இருப்பது அங்கேதான். வயலில் நீர் தேங்கி ஒட்சிசன் தீர்ந்ததும், மண்ணில் இயல்பாகவே உள்ள வேறொரு கூட்டம் ஒட்சிசனுக்குப் பதிலாக இரும்பைப் பயன்படுத்திச் சுவாசிக்கத் தொடங்குகிறது. மூவலு இரும்பு ஈர்வலு நிலைக்கு இறங்கிக் கரையும்போது அது பிடித்துவைத்திருந்த பொசுபேற்றும் விடுபடுகிறது. அமில மண்ணின் பீ.எச். பெறுமானமும் அந்தச் சில வாரங்களில் நடுநிலையை நோக்கி உயர்கிறது. காசு கொடுத்துப் போத்தலில் வாங்கும் சேவையை, தேங்கிய நீர் இலவசமாகச் செய்துவிடுகிறது.

இதனால்தான் ஒரு போகத்துக்கு ரி.எஸ்.பி.யை நிறுத்திப் பற்றீரியா ஊற்றியவருடைய விளைச்சல் குறையாமல் இருந்திருக்கலாம். பாராட்டு போத்தலுக்குப் போகிறது. முந்தைய ஆண்டுகளில் இட்டு மண்ணில் சேர்ந்திருந்த பொசுபரசும், நீர் தேங்கியதால் நடந்த விடுவிப்பும்தான் அதற்குக் காரணமாக இருக்க அதிக வாய்ப்புண்டு. ஏக்கருக்கு 20 கிலோ ரி.எஸ்.பி. இட்டால் அதில் உள்ள பொசுபரசு ஏறக்குறைய 4 கிலோ. நெல்மணியோடு வெளியேறும் அளவுக்கு அது அண்மையானது. வரவை நிறுத்தி, பெரும்போகமும் சிறுபோகமும் 5 கிலோவாக எடுத்துக்கொண்டே இருந்தால் இருப்பு குறையும். வைக்கோலையும் அள்ளிக்கொண்டு போனால் இன்னும் வேகமாகக் குறையும். அந்தக் குறைவு முதற்போகத்தில் கண்ணுக்குத் தெரியாது.

நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களில் நிலைமை நேர்மாறானது. பல்லாண்டுகளாக அளவுக்கு மீறி இடப்பட்டதால் பொசுபரசு அங்கே குவிந்து கிடக்கிறது, எளிதில் கிடைக்கும் பகுதியும் தாராளமாகவே இருக்கிறது. மண் பரிசோதனை செய்துவிட்டுப் பொசுபேற்றுப் பசளையைக் குறைத்தாலே போதும். அங்கே பற்றீரியாவுக்குச் செலவழிப்பது வீண்.

எப்பாவலவில் ஒரு நியாயமான வேலை

அப்படியானால் இந்தப் பற்றீரியாவுக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் வயலைவிட எருக்குவியலில்.

அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலவில் 1971இல் கண்டறியப்பட்ட அப்பற்றைற்றுப் படிவு இருக்கிறது. அரைத்து விற்கப்படும் அந்தப் பாறைத்தூள் எளிதில் கரையாது. தேயிலை, இறப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு, அமில மண்ணில் அது பொருந்தும். மூன்று நான்கு மாதத்தில் முடியும் நெல்லுக்கும் மரக்கறிக்கும் அது மிக மெதுவானது. உள்நாட்டிலேயே பொசுபேற்று இருந்தும் ரி.எஸ்.பி.யை இறக்குமதி செய்வதற்குக் காரணம் இந்தக் கரையாமைதான்.

கூட்டெருக் குவியலில் பற்றீரியாவுக்கும் பங்கசுக்கும் வயலில் கிடைக்காதது கிடைக்கிறது: உணவு. வைக்கோல், கிளிறிசீடியா இலை, சாணம் என ஒரு தொன் பொருளில் 50 கிலோ பாறைத்தூளைக் கலந்தால், அதில் சுமார் ஆறரைக் கிலோ பொசுபரசு இருக்கும். உக்கும்போது உருவாகும் அமிலங்கள் அதைத் தின்ன மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு கரைந்தாலே 650 கிராம், மூன்று கிலோவுக்கும் சற்றுக் கூடுதலான ரி.எஸ்.பி.க்கு இணை. கரையாத மீதியும் வீணாகாது, அமில மண்ணில் ஆண்டுக்கணக்கில் கரைந்துகொண்டிருக்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. குவியலைக் கட்டும் நாளிலேயே பற்றீரியாவையும் ஊற்றிவிடுகிறார்கள். குவியல் முதல் சில வாரங்களில் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும், ஊற்றியவற்றில் பல அவிந்துபோகும். பாறைத்தூளைத் தொடக்கத்திலும், நுண்ணங்கியைக் குவியல் இளஞ்சூட்டுக்கு இறங்கிய பின்னரும் சேர்ப்பதே சரியான வரிசை. கையை உள்ளே விட்டுச் சிரமமின்றி வைத்திருக்க முடிந்தால் அதுவே நேரம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணுக்கு இந்தப் பாறைத்தூள் எருவை அனுப்புவதில் அர்த்தமில்லை, அங்கே மீதிப் பாறை கரையாது.

மற்ற வேர் நுண்ணங்கிகளையும் இதே தட்டில் வைக்கலாமா?

கூடாது. அவரைக் குடும்பப் பயிர்களின் வேர்முடிச்சில் வாழும் ‘றைசோபியம்’ மிக வலுவான சான்றுள்ளது. தாவரம் அதைத் தன் வேருக்குள் குடிவைத்து நேரடியாகச் சீனி ஊட்டுகிறது, ஆகவே உணவுப் போட்டி என்ற சிக்கலே எழுவதில்லை. கண்டியில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் சோயா அவரைக்கு அத்தகைய தயாரிப்பை உருவாக்கியிருக்கிறது. வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் எளிது: முடிச்சை நகத்தால் கீறினால் உட்புறம் செந்நிறமாக இருக்க வேண்டும். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் நைதரசன் பிடிபடவில்லை.

வேர்ப்பங்கசு பொசுபரசைக் கரைப்பதைவிட, வேர் எட்டாத தூரத்துக்குத் தன் இழையை நீட்டி அங்கிருந்து கொண்டுவருகிறது. நாற்றுமேடையில், பொசுபரசு குறைந்த மண்ணில் அதற்கு நல்ல பயனுண்டு. பொசுபேற்றுப் பசளை தாராளமாக இட்ட இடத்தில் தாவரமே அதை ஒதுக்கிவிடும். நீர் தேங்கிய வயலிலும் அதன் குடியேற்றம் குறைவு.

வாங்கியாயிற்று, எப்படிச் சோதிப்பது?

போத்தலில் இனத்தின் பெயர், மில்லிலீற்றருக்கு எத்தனை உயிர்க்கலங்கள், காலாவதித் திகதி ஆகிய மூன்றும் இல்லையென்றால் மேற்கொண்டு எதையும் யோசிக்கத் தேவையில்லை. வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் மாதக்கணக்கில் அடுக்கிவைத்திருந்த போத்தலும் அவ்வாறே.

பயன் இருக்கிறதா என்பதை ஊற்றிய செடி செழிப்பாக இருப்பதை வைத்து முடிவுசெய்ய முடியாது. போத்தலில் பற்றீரியாவோடு அது வளர்ந்த ஊட்டக் கரைசலும் இருக்கிறது. அந்தக் கரைசலில் உள்ள நைதரசன் மட்டுமே இலையைச் சற்றுப் பச்சையாக்கிவிடலாம். ஆகவே ஒப்பிட வேண்டியது வெறும் நீரோடு அல்ல, கொதிக்கவைத்து ஆறவிட்ட அதே திரவத்தோடு.

மொட்டைமாடியில் இதைச் செய்ய பன்னிரண்டு சாடிகள் போதும். கூட்டெரு நிறைந்த கலவையில் பொசுபரசு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும், அதில் வேறுபாடு எதுவும் தெரியாது. எனவே கொழும்பின் சாதாரணச் செம்மண்ணோடு மணலும், சிறிதளவு எருவும், எல்லாச் சாடிகளுக்கும் ஒரே அளவான எப்பாவலத் தூளும் கலந்துகொள்ள வேண்டும். ஆறு சாடிகளுக்கு உயிருள்ள திரவம், ஆறுக்குக் கொதித்து ஆறியது. குழாய்நீரில் குளோரீன் இருப்பதால் வாளியில் ஓரிரவு திறந்து வைத்த நீரையே பயன்படுத்த வேண்டும். சாடிகளைக் கலந்து அடுக்கி, எதற்கு எது ஊற்றப்பட்டது என்பதை அடியில் மட்டும் குறித்துவைத்து, பயிரை நிறுத்துப் பார்க்கும் வரை அந்தக் குறிப்பைப் பார்க்காமல் இருப்பது நல்லது. ஆறு சாடிகளுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். இரு தொகுதிகளின் சராசரிக்கு இடையேயான வித்தியாசம் அதைவிடச் சிறியதாக இருந்தால் போத்தல் எதையும் செய்ததாகச் சொல்ல முடியாது.

வயலில் இதையே பட்டிகளாகச் செய்யலாம்: ஒரே வயலில் மூன்று பட்டிகளுக்கு உயிருள்ளது, மாறி மாறி மூன்றுக்குக் கொதித்தது, ஆறிலும் பொசுபேற்றுப் பசளை பாதி. நடுவில் ஒரே அளவான சதுரங்களை அறுத்து நிறுக்க வேண்டும். தொடங்குமுன் விவசாயத் திணைக்களத்தின் ஊடாக மண்ணில் கிடைக்கக்கூடிய பொசுபரசைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். அந்த எண் உயர்வாக இருந்தால் பாதிப் பசளையிலும் ஆறு பட்டிகளும் ஒன்றுபோலவே விளையும், குறைத்த பசளைச் செலவு மட்டும் மிச்சமாகும்.